மூட்டைக் கணக்கில் ஒரே வரிசை: 7 கிலோவுக்குச் சரி, 6 கிலோவுக்குத் தவறு. ஏன்?

திருமங்கலம் மாணவி

வணக்கம். இரண்டு நாட்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எடை வரம்புக்குள் அதிக லாபம் தரும் பொருட்களை, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எடுத்து, தேர்ந்தெடுக்கும் 0/1 நாப்சாக் கணக்கை டைனமிக் புரோகிராமிங் அட்டவணையாக எழுதினேன், சரியாக வந்தது. பயிற்சித் தளத்தில் 200 பொருட்கள், 1,00,000 கொள்ளளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு நினைவக வரம்பு 64 எம்.பி. என் அட்டவணை அதைத் தாண்டிவிடுகிறது. ஒரே வரிசையில் முடித்துவிடலாம் என்று எங்கோ படித்த நினைவில் மாற்றி எழுதினேன்.

சோதிக்க வீட்டுக் கணக்கையே எடுத்தேன். சென்னைக்குக் காரில் போகும் உறவினர் ஒருவர் 7 கிலோ வரை எடுத்துச்செல்கிறேன் என்றார். அம்மாவிடம் அனுப்புவதற்கு நான்கு கட்டுகள் இருக்கின்றன. எதையும் பிரிக்க முடியாது, ஒவ்வொன்றும் ஒன்றுதான். சுங்குடிச் சேலைக் கட்டு 5 கிலோ, லாபம் 600 ரூபாய். விளக்குப் பெட்டி 4 கிலோ, 440 ரூபாய். அப்பளக் கட்டு 3 கிலோ, 330 ரூபாய். ஊறுகாய்ப் பெட்டி 2 கிலோ, 150 ரூபாய்.

இதுதான் என் ஒரு வரிசை நிரலின் உள்பகுதி. `dp` முழுவதும் முதலில் 0.

```c
for (i = 0; i < n; i++)
    for (w = wt[i]; w <= W; w++)
        if (dp[w - wt[i]] + val[i] > dp[w])
            dp[w] = dp[w - wt[i]] + val[i];
```

7 கிலோவுக்கு 770 என்கிறது. விளக்கும் அப்பளமும் சேர்ந்தால் அதே 770, பழைய அட்டவணையும் அதையே சொல்கிறது. ஆனால் உறவினர் 6 கிலோதான் முடியும் என்றால் என்ன ஆகும் என்று `W`-ஐ 6 ஆக மாற்றிப் பார்த்தேன். புது நிரல் 660 என்கிறது, பழைய அட்டவணை 600 என்கிறது. எந்த இரண்டு கட்டுகளைக் கூட்டினாலும் எனக்கு 660 வரவில்லை. எங்கே தவறு?

மேலூர்க்காரன்

உள் லூப்பைத் தலைகீழாக ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

```c
    for (w = W; w >= wt[i]; w--)
```

பெரிய எடையிலிருந்து தொடங்கினால்தான் கனமான பொருளுக்கு முதலில் இடம் கிடைக்கும். சிறியதிலிருந்து தொடங்கினால் சின்னப் பொருட்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பரிமாண அட்டவணையிலும் இப்படித் தலைகீழாகத்தான் போக வேண்டும், நீங்கள் தற்செயலாகத் தப்பித்திருக்கிறீர்கள். எந்த லூப் உள்ளே, எந்த லூப் வெளியே என்பது முக்கியமில்லை. திசைதான் முக்கியம்.

திருமங்கலம் மாணவி

நன்றி அண்ணா. திசையை மாற்றியதும் 6 கிலோவுக்கு 600 வந்துவிட்டது. ஆனால் லூப் வரிசை முக்கியமில்லை என்றீர்களே, எடை லூப்பை வெளியே வைத்து, 7-இலிருந்து இறங்கி, உள்ளே நான்கு கட்டுகளையும் ஓட்டிப் பார்த்தேன். 7 கிலோவுக்கு 600 என்கிறது. அது சேலைக் கட்டு மட்டும். இப்போது இரண்டு குழப்பங்கள்.

பசுமலை டீச்சர்

தம்பி மேலூர்க்காரன் சொன்ன மருந்து சரியானது, சொன்ன காரணம் சரியில்லை. காரணம் பிசகினால் அடுத்த கணக்கில் மருந்தும் பிசகும் என்பதால் மெதுவாகவே எழுதுகிறேன்.

அம்மா, முதலில் உன் பழைய அட்டவணைக்கு வா. அதில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 0 கிலோ முதல் 7 கிலோ வரை எட்டுக் கட்டங்கள். அப்பள வரிசையின் 7 கிலோ கட்டத்தில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது? சேலை, விளக்கு, அப்பளம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு 7 கிலோவுக்குள் அதிகபட்சம் எவ்வளவு லாபம் என்பதை. ஊறுகாய் இன்னும் கதைக்குள் வரவில்லை.

அந்த எண் எப்படி வந்தது? அப்பளத்தை விட்டுவிட்டால், மேல் வரிசையில் அதே 7 கிலோ கட்டத்தின் எண். எடுத்துக்கொண்டால், மேல் வரிசையில் மூன்று கட்டம் இடப்பக்கம் போய் 4 கிலோ கட்டத்தின் எண்ணோடு 330. இரண்டில் பெரியது. காகிதத்தில் போட்டால் இப்படி வரும்:

```
கிலோ        0   1   2    3    4    5    6    7
தொடக்கம்    0   0   0    0    0    0    0    0
சேலை        0   0   0    0    0  600  600  600
விளக்கு     0   0   0    0  440  600  600  600
அப்பளம்     0   0   0  330  440  600  600  770
ஊறுகாய்     0   0 150  330  440  600  600  770
```

எடுத்தாலும் விட்டாலும் பார்ப்பது *மேல்* வரிசையை மட்டுமே என்பதைக் கவனி. மேல் வரிசையில் அப்பளம் இல்லை. அதனால் அங்கிருந்து எடுக்கும் எந்த எண்ணிலும் அப்பளம் ஒளிந்திருக்க முடியாது. ஒரு கட்டு ஒருமுறைதான் என்ற விதியை இந்த அட்டவணையில் நாம் எங்கும் தனியாக எழுதுவதில்லை. மேல் வரிசை, கீழ் வரிசை என்ற பிரிவே அதைக் காத்துக்கொள்கிறது. நீ ஒரே வரிசைக்கு வந்தபோது அந்தப் பிரிவு போய்விட்டது. நிரல் நின்றுவிடாது, பிழைச் செய்தியும் தராது, எண் மட்டும் மாறும்.

உன் முதல் நிரலை அப்பளத்தின் சுற்றில் மட்டும் கையால் ஓட்டிப் பார். சுற்று தொடங்கும்போது வரிசை `0 0 0 0 440 600 600 600`. `w` 3 ஆகும்போது 3 கிலோ கட்டத்தில் 330 எழுதுகிறாய், நியாயம்தான். 4-இலும் 5-இலும் மாற்றமில்லை. 6 வரும்போது மூன்று கட்டம் இடப்பக்கம் பார்க்கிறாய். அங்கே பழைய 0 இல்லை, நீ சற்றுமுன் எழுதிய 330 இருக்கிறது. அந்த 330 அப்பளமேதான். அதன்மேல் இன்னொரு 330. அதுதான் உன் 660, ஒரே அப்பளக் கட்டு இரண்டு முறை.

தலைகீழாகப் போனால் 7, 6, 5 என்று வலப்பக்கத்திலிருந்து எழுதுகிறாய், ஆனால் படிப்பது எப்போதும் இடப்பக்கம். இடப்பக்கக் கட்டங்களை இந்தச் சுற்றில் இன்னும் தொடவில்லை. ஆகவே அவற்றில் இருப்பது மேல் வரிசையின் எண்தான். நீ இருக்கும் கட்டத்துக்கு இடப்பக்கம் முழுவதும் பழைய வரிசை, வலப்பக்கம் முழுவதும் புது வரிசை. ஒரே வரிசைக்குள் இரண்டு வரிசைகளும் ஒரு கோட்டின் இருபுறமும் இருக்கின்றன. கனமான பொருளுக்கு முதலிடம் என்பதெல்லாம் இதில் இல்லை. கட்டுகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் கடைசி விடை மாறாது.

அதனால்தான் முழு அட்டவணையில் திசை பற்றிய கவலையே கிடையாது. படிக்கும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. இடமிருந்து போகலாம், வலமிருந்து போகலாம். நீ தற்செயலாகத் தப்பிக்கவில்லை.

எடை லூப்பை வெளியே வைத்ததற்கும் இதே காரணம்தான். 7 கிலோ கட்டத்தை நான்கு கட்டுகளுக்கும் பார்க்கும்போது, 4 கிலோ கட்டமும் 3 கிலோ கட்டமும் இன்னும் தொடக்க 0-விலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டும் பூஜ்யத்தோடு கூடுகிறது. ஆகவே தனிக் கட்டுகளில் பெரியது எதுவோ அதுதான் வரும். சேலை, 600.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது வேறொன்று. உன் தவறான நிரலும் 7 கிலோவுக்கு 770 என்றே சொன்னது. ஊறுகாய்ச் சுற்று முடிந்த பிறகும் அதன் வரிசை `0 0 150 330 440 600 660 770`. எட்டுக் கட்டங்களில் ஒன்றே ஒன்று தவறு, அதுவும் நீ பார்க்காத கட்டம். கடைசி எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அப்படியே சமர்ப்பித்திருப்பாய். இந்தக் கணக்கைச் சோதிக்கும்போது கடைசிக் கட்டம் போதாது, முழு வரிசையையும் அட்டவணையின் கடைசி வரிசையோடு ஒப்பிட வேண்டும்.

மேலூர்க்காரன்

டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன். முழு அட்டவணையில் இரு திசையிலும் ஓட்டிப் பார்த்தேன், ஒரே விடைதான். கல்லூரியில் "பின்னாலிருந்து போ" என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். காரணத்தை நானே பிறகு ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

விளக்குத்தூண் ஜவுளி

நான் நிரல் எழுதுபவன் அல்லன். விளக்குத்தூண் பக்கம் மொத்த வியாபாரம். மகன் இந்த இழையைக் காட்டினான். எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு யோசனை எதற்கு? கிலோவுக்கு எது அதிக லாபமோ அதை முதலில் ஏற்ற வேண்டும். சேலை கிலோவுக்கு 120 ரூபாய், மற்ற எதுவும் அந்த அளவுக்கு வராது. நாங்கள் வண்டி ஏற்றுவது அப்படித்தான்.

இன்னொன்று. அப்பளம் இரண்டு முறை போனது தவறு என்கிறீர்கள். என் கடையில் ஒரே மாதிரிக் கட்டு நாற்பது இருக்கும். இரண்டு போனால் என்ன தவறு?

பசுமலை டீச்சர்

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. முதலில் முதல் கேள்விக்கு வருகிறேன்.

கிலோவுக்கு லாபம் பார்த்து ஏற்றினால் முதலில் சேலை 5 கிலோ. மீதி 2 கிலோ. அடுத்ததாக விளக்கு, அப்பளம் இரண்டுக்கும் கிலோவுக்கு 110 ரூபாய், ஆனால் இரண்டும் 2 கிலோவுக்குள் அடங்காது. கடைசியில் ஊறுகாய் 2 கிலோ. மொத்தம் 750. சேலையை விட்டுவிட்டு விளக்கும் அப்பளமும் ஏற்றினால் 770. சரக்கை அறுத்து அளந்து ஏற்ற முடியும் என்றால் உங்கள் முறை எப்போதும் சரி. அரிசி, பருப்பு அப்படிப்பட்டவை. கட்டாக இருக்கும்போதுதான் ஓரத்தில் இடம் வீணாகிறது. பெரிய லாரியில் சின்னச் சின்னக் கட்டுகள் என்றால் அந்த ஓரத்தின் நட்டம் பெரிதாக இராது. 7 கிலோவில் 5 கிலோக் கட்டு என்றால் அது உடனே தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு: உங்கள் கடைக்கு அந்தப் பெண்ணின் "தவறான" நிரல்தான் சரியான நிரல். ஒவ்வொரு கட்டும் வேண்டிய அளவு இருக்கிறது என்றால், இடமிருந்து வலம் ஓடும் லூப் அதற்கான விடையைத் தருகிறது. 6 கிலோவுக்கு இரண்டு அப்பளக் கட்டு, 660 ரூபாய், உங்களுக்கு அது உண்மை. ஒரே நான்கு வரிகள், திசை மட்டும் வேறு, கேள்வியும் வேறு. அதனால்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். நிரல் அர்த்தமற்ற எண் எதையும் தருவதில்லை, வேறொருவருடைய கேள்விக்குச் சரியான விடை தருகிறது.

விளக்குத்தூண் ஜவுளி

புரிகிறது அம்மா. ஆனால் வேண்டிய அளவு என்று சொல்ல முடியாது. நாற்பது என்றால் நாற்பதுதான். அதற்கு எந்தத் திசை?

சிம்மக்கல்

ஐயா, அதற்கு வலமிருந்து இடம். நாற்பது கட்டையும் நாற்பது தனிப் பொருளாக எழுதிவிடலாம், விடை சரியாக வரும், நேரம்தான் கூடும். அதைக் குறைக்க 1, 2, 4, 8, 16, 9 என்று ஆறு பெருங்கட்டுகளாகச் சேர்த்து எழுதுவார்கள். கூட்டினால் நாற்பது. இந்த ஆறிலிருந்து 0 முதல் 40 வரை எந்த எண்ணிக்கையையும் உருவாக்க முடியும். ஆறும் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் என்பதால் அது மீண்டும் 0/1 கணக்காகிவிடுகிறது.

மாணவிக்கு ஒரு கேள்வி. ஒரே வரிசைதான் வேண்டும் என்று யார் சொன்னது? கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் அட்டவணை 201 வரிசை, 1,00,001 கட்டம், கட்டத்துக்கு 4 பைட். 8 கோடியே 4 லட்சம் பைட் ஆகிறது. 64 எம்.பி. என்பது ஏறத்தாழ 6.7 கோடி. தாண்டுகிறது, உண்மை. ஆனால் மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் 8 லட்சம் பைட் போதும். ஒரே வரிசை என்றால் 4 லட்சம். 8 கோடியிலிருந்து 8 லட்சத்துக்கு வருவது பெரிய இறக்கம். 8 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்கு வர, திசை என்ற கண்ணுக்குத் தெரியாத விதியை நிரலுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் நான் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்வேன். அடுத்து அந்த நிரலைத் தொடுபவர் லூப்பை நேராக்கினாலும் விடை கெடாது.

பசுமலை டீச்சர்

இரண்டு வரிசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் கட்டு அடங்காத சிறிய எடைகளுக்கு மேல் வரிசை எண்ணை அப்படியே இறக்கி எழுத மறந்துவிடுகிறார்கள். சேலைச் சுற்றில் 0 முதல் 4 வரை எழுதாமல் விட்டால் தெரியாது, எல்லாம் 0 தானே. அடுத்தடுத்த சுற்றுகளில் இரண்டு சுற்றுக்கு முந்தைய பழைய எண் அங்கே கிடக்கும். ஒரே வரிசையில் அந்தப் பேச்சே இல்லை, தொடாத கட்டம் தானாகவே இறங்கிய கட்டம். என் கைக்கு ஒரே வரிசைதான் பழக்கம். இதில் சிம்மக்கல் சொல்வதும் நான் சொல்வதும் அவரவர் அனுபவம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

திருமங்கலம் மாணவி

ஒரே வரிசையில் எழுதி, முழு வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன் டீச்சர், எட்டுக் கட்டமும் பொருந்துகிறது. பெரிய கணக்கும் நினைவக வரம்புக்குள் ஓடுகிறது. ஆனால் அதன் இரண்டாம் பகுதி எந்தெந்தப் பொருட்களை எடுத்தோம் என்று பட்டியல் கேட்கிறது. அட்டவணை இருந்தபோது கீழிருந்து மேலே நடந்து கண்டுபிடித்தேன். இப்போது வரிசை ஒன்றுதான் இருக்கிறது, 770 என்ற எண் இருக்கிறது, அது எப்படி வந்தது என்பது அழிந்துவிட்டது.

மேலூர்க்காரன்

இதற்கு நான் முன்பு ஒரு வழி செய்திருக்கிறேன். `last` என்று இன்னொரு வரிசை. ஒரு கட்டத்தின் எண் மாறும்போதெல்லாம், அதை மாற்றிய பொருள் எது என்று `last[w]`-இல் எழுதிவிடுங்கள். முடிந்ததும் 7-இல் தொடங்குங்கள். `last[7]` அப்பளம். 3 கிலோ கழித்தால் 4. `last[4]` விளக்கு. 4 கழித்தால் 0. அப்பளமும் விளக்கும். இரண்டே வரிசையில் முடிந்துவிட்டது.

திருமங்கலம் மாணவி

அண்ணா, வேலை செய்கிறது! மிக்க நன்றி.

சிம்மக்கல்

உங்கள் நான்கு கட்டுகளுக்கு வேலை செய்கிறது. ஐந்தாவதாக 1 கிலோ எடை, 120 ரூபாய் லாபம் என்று ஒரு பொட்டலத்தைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

திருமங்கலம் மாணவி

ஐந்தாவதாக முறுக்குப் பொட்டலம் என்று சேர்த்தேன். கடைசி வரிசை `0 120 150 330 450 600 720 770`. முழு அட்டவணையோடும் பொருந்துகிறது. ஆனால் பட்டியல் அப்பளம், முறுக்கு, அப்பளம் என்று வருகிறது. கூட்டினால் 780. கட்டத்தில் இருப்பதோ 770. அப்பளம் மறுபடியும் இரண்டு முறை வந்துவிட்டதே!

சிம்மக்கல்

அதேதான். `last[7]`-இல் அப்பளம் என்று எழுதிய நேரத்தில், 4 கிலோ கட்டத்தில் இருந்தது விளக்கு, 440. பிறகு முறுக்குச் சுற்று வந்தது. 4 கிலோவுக்கு அப்பளமும் முறுக்கும் சேர்ந்தால் 450, அது விளக்கைவிடப் பத்து ரூபாய் கூடுதல். 4 கிலோ கட்டம் மாறிவிட்டது, `last[4]` முறுக்கு ஆகிவிட்டது. 7 கிலோ கட்டம் மட்டும் பழைய நாளின் விளக்கை நம்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் 7-இலிருந்து 4-க்கு இறங்கும்போது, அப்பளம் வருவதற்கு முந்தைய 4-க்குப் போக வேண்டும். `last` உங்களை எல்லாம் முடிந்த பிறகான 4-க்குக் கொண்டுபோகிறது.

டீச்சர் முன்பு சொன்ன மேல் வரிசை, கீழ் வரிசைப் பிரிவு இங்கேயும் காணாமல் போயிருக்கிறது. அதே நோய், வேறு உறுப்பில்.

மேலூர்க்காரன்

இதை நான் எதிர்பார்க்கவில்லை. போன வருடம் ஒரு திட்டப்பணியில் இந்த `last` முறையைத்தான் எழுதிக் கொடுத்தேன். எல்லாச் சோதனையிலும் தேறியது. இன்றிரவே அதைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலின் லாபத்தைக் கூட்டி, விடையோடு ஒப்பிடும் ஒரு வரி இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பட்டியலில் ஒரே பொருள் இரண்டு முறை வருகிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும்.

பசுமலை டீச்சர்

தம்பி, இந்த முறையைப் பலர் எழுதுகிறார்கள், நல்ல நிரலாளர்களும் எழுதுகிறார்கள். சின்ன உதாரணங்களில் அது தேறிவிடுகிறது.

எந்தப் பொருளை எடுத்தோம் என்று திரும்பிப் பார்க்க, ஒவ்வொரு கட்டுக்கும் ஒவ்வொரு எடைக்கும் "எடுத்தோமா, இல்லையா" என்ற ஒரே ஒரு விடை தேவை. அந்த அட்டவணையை முழுதாகவே வைத்துக்கொள். ஆனால் அதில் எண் இருக்க வேண்டியதில்லை, ஆம் அல்லது இல்லை போதும்.

```c
for (i = 0; i < n; i++)
    for (w = W; w >= wt[i]; w--)
        if (dp[w - wt[i]] + val[i] > dp[w]) {
            dp[w] = dp[w - wt[i]] + val[i];
            take[i][w] = 1;
        }

for (i = n - 1, w = W; i >= 0; i--)
    if (take[i][w]) {
        printf("%d\n", i);
        w -= wt[i];
    }
```

லாபத்துக்கு ஒரே வரிசை, முடிவுகளுக்கு முழு அட்டவணை. நடந்து பார்: முறுக்கு வரிசையில் 7-இல் எடுக்கவில்லை. ஊறுகாயிலும் இல்லை. அப்பள வரிசையில் 7-இல் எடுத்தோம், இப்போது 4 கிலோ. அடுத்து *விளக்கு* வரிசையின் 4-ஐப் பார்க்கிறோம். அது முறுக்கு வருவதற்கு முன்பு எழுதியது, பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அங்கே எடுத்தோம், 0 கிலோ. சேலையில் இல்லை. ஒவ்வொரு வரிசையையும் ஒரே முறை கடப்பதால் எதுவும் இரண்டு முறை வர வழியே இல்லை.

`take` கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் உன் பெரிய கணக்குக்கு 2 கோடி பைட், 64 எம்.பி.க்குள் வசதியாக அடங்கும். எட்டுக் கட்டங்களை ஒரு பைட்டில் அடக்கினால் 25 லட்சம் பைட்தான்.

சிம்மக்கல்

அதையும் வைக்க இடமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. 1975-இல் ஹிர்ஷ்பெர்க் இரண்டு சரங்களின் நீண்ட பொதுத் தொடரைக் காண்பதற்குச் சொன்ன யோசனை இங்கேயும் பொருந்துகிறது. பொருட்களைப் பாதியாகப் பிரித்து, முதல் பாதிக்கு ஒரு வரிசை, இரண்டாம் பாதிக்கு ஒரு வரிசை போட வேண்டும். முதல் பாதிக்கு எத்தனை கிலோ கொடுத்தால் இரண்டின் கூட்டுத்தொகை மிகப் பெரிதாகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் எடையைப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் மறுபடி அதையே செய்ய வேண்டும். வேலை ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஆனால் நினைவகம் சில வரிசைகளுக்கு மேல் போவதில்லை.

பசுமலை டீச்சர்

அழகான யோசனை. ஆனால் 25 லட்சம் பைட்டை மிச்சப்படுத்த அதை எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழை நுழைய அத்தனை இடம் இருக்கிறது.

சிம்மக்கல்

200 பொருளுக்குச் சரி. பொருள்கள் ஆயிரக்கணக்கில், எடை கோடிக்கணக்கில் என்றால் பிட் அட்டவணையும் தாங்காது. அங்கே வேறு வழியில்லை.

பசுமலை டீச்சர்

எடை கோடியில் போனால் நேரமே தாங்காதே. பொருள் எண்ணிக்கையை எடையால் பெருக்கிய அளவு வேலை இருக்கிறது. அந்த நிலையில் இந்த முறையையே விட்டுவிட்டு யோசிப்பேன்.

விளக்குத்தூண் ஜவுளி

எடை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். எங்கள் கட்டு எதுவும் முழுக் கிலோவில் இராது. 2 கிலோ 350 கிராம், 4 கிலோ 120 கிராம் என்றுதான் தராசு காட்டும். கட்டம் முழுக் கிலோவில் இருந்தால் எங்கே போடுவது?

சிம்மக்கல்

எல்லாவற்றையும் கிராமாக்கினால் 7 கிலோவுக்கு 7,001 கட்டங்கள். உங்கள் தராசு 10 கிராம் படியில் காட்டினால் 10 கிராமையே ஓர் அலகாக வைத்து 701 கட்டங்களில் முடிக்கலாம், எதுவும் இழக்கவில்லை. அதற்கும் மேல் சுருக்க நினைத்து 100 கிராம் அலகுக்குப் போனால் எடையை மேல்நோக்கி முழுதாக்க வேண்டும். 2,350 கிராம் 24 அலகு. கீழ்நோக்கி முழுதாக்கினால் வண்டி அளவுக்கு மேல் ஏறிவிடலாம். மேல்நோக்கினால் ஒருபோதும் ஏறாது, ஆனால் சரியாக அடங்கியிருக்க வேண்டிய ஒரு சேர்க்கை தவறிப்போகலாம்.

விளக்குத்தூண் ஜவுளி

நாங்கள் கட்டுக்கு ஐம்பது கிராம் கூட்டியே எழுதுவோம், சாக்கும் கயிறும் இருக்கிறதே. மகனை 10 கிராமில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

திருமங்கலம் மாணவி

`take` அட்டவணையோடு சமர்ப்பித்தேன், இரண்டு பகுதியும் ஏற்கப்பட்டன. இனி வீட்டுக் கணக்கு. அம்மாவிடம் விளக்கும் அப்பளமும் அனுப்பலாம், 770 என்று சொன்னேன். சேலைக் கட்டு போயே ஆக வேண்டும், அந்த வீட்டில் விசேஷம் என்றார்கள். சேலைக்கு 5 கிலோ போனால் மீதி 2 கிலோ. கடைசி வரிசையில் 2 கிலோ கட்டத்தைப் பார்த்தேன், 150. ஆக 750, சேலையும் ஊறுகாயும். மறுபடி ஓட்டாமல் இப்படிப் படித்தது சரிதானா?

பசுமலை டீச்சர்

இந்த முறை சரி. 2 கிலோ கட்டத்துக்குள் 5 கிலோச் சேலை நுழைந்திருக்கவே முடியாது, அதனால் அந்த 150-இல் சேலை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அம்மா அப்பளம் போயே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தால்? மீதி 4 கிலோ. முறுக்கையும் சேர்த்து ஓட்டிய கடைசி வரிசையின் 4 கிலோ கட்டத்தில் 450. அதற்குள் இருப்பது அப்பளமும் முறுக்கும். 330-உம் 450-உம் கூட்டி 780 என்று சொல்லியிருப்பாய். அப்போது அப்பளத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மற்ற நான்குக்கும் 4 கிலோவுக்கு வரிசையை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். 440 வரும், விளக்கு.